குற்றவாளியும் உண்மை பேசலாம்

பள்ளி அலுவலகத்தில் இருந்த வெள்ளிக் கோப்பையைக் காணவில்லை. அந்த அறைக்குள் போய் வந்தவர்கள் நான்கு பேர். அவர்களில் ஒருவர்தான் எடுத்திருக்கிறார். விசாரித்தபோது ஆளுக்கு ஒரு வாக்கியம் சொன்னார்கள்.

முருகன்: "எடுத்தது கபீர், இல்லையென்றால் தேவி."
செல்வி: "நான் எடுக்கவில்லை."
கபீர்: "செல்விதான் எடுத்தாள்."
தேவி: "கபீர் எடுக்கவில்லை."

இந்த நான்கில் ஒன்று மட்டுமே பொய், மற்ற மூன்றும் உண்மை. அப்படியானால் கோப்பையை எடுத்தது யார்?

துப்பறியும் புதிர்களில் இது தனி வகை. கைரேகையோ காலடித் தடமோ இதில் கிடையாது. பேச்சு மட்டும்தான் சாட்சி. அமெரிக்கத் தருக்கவியல் அறிஞர் ரேமண்ட் ஸ்மல்லியன் 1978-ல் வெளியிட்ட 'வாட் இஸ் தி நேம் ஆஃப் திஸ் புக்?' என்ற புதிர் நூலில், ஸ்காட்லாந்து யார்டின் இன்ஸ்பெக்டர் கிரெய்க் என்ற கற்பனை அதிகாரி தருக்கத்தை வைத்தே பல வழக்குகளை முடிக்கிறார்.

இந்தப் புதிரைப் பார்த்ததும் பலர் முதலில் பொய்யரைத் தேடுவார்கள். பொய் சொன்னவர் அகப்பட்டால் திருடரும் அகப்பட்டார் என்று நினைப்பார்கள். ஆனால் புதிர் அப்படி எங்கும் சொல்லவில்லை. ஒரு வாக்கியம் பொய் என்கிறது, ஒருவர் திருடர் என்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சொல்லவில்லை.

ஆகவே ஒவ்வொருவரையும் வரிசையாகக் குற்றவாளி என்று வைத்துப் பார்ப்பதே நம்பகமான வழி. ஒவ்வொரு முறையும் எத்தனை வாக்கியங்கள் பொய்யாகின்றன என்று எண்ண வேண்டும்.

முருகன் எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வாக்கியம் பொய். செல்வியைக் கைகாட்டிய கபீரின் வாக்கியமும் பொய். இரண்டு பொய்கள் வந்துவிட்டதால் முருகன் இல்லை. செல்வி எடுத்திருந்தால் கபீர் சொன்னது உண்மையாகிவிடும். ஆனால் செல்வி சொன்னதும் முருகன் சொன்னதும் பொய்யாகும். மறுபடியும் இரண்டு. கபீர் எடுத்திருந்தால் அவர் சொன்னதும் பொய், தேவி சொன்னதும் பொய். அதுவும் இரண்டுதான்.

மிச்சம் இருப்பது தேவி. அவர் எடுத்திருந்தால் முருகன் சொன்னது உண்மை, செல்வி சொன்னது உண்மை, தேவி சொன்னதும் உண்மை. கபீர் சொன்னது மட்டுமே பொய். கணக்குச் சரியாக ஒன்றில் நிற்கிறது. கோப்பையை எடுத்தது தேவி. அவர் உண்மையைப் பேசினார். பொய் சொன்ன கபீர் கோப்பையைத் தொடவே இல்லை.

பழகியவர்கள் இதைவிடச் சுருக்கமாக முடிப்பார்கள். செல்வியும் கபீரும் ஒருவரை ஒருவர் நேராக மறுக்கிறார்கள். இரண்டு பேச்சும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. மொத்தமே ஒரு பொய்தான் என்பதால், அந்தப் பொய் இந்த இருவருக்குள்ளேயே இருக்கிறது. எனவே முருகனையும் தேவியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். கபீர் அல்லது தேவி என்கிறார் முருகன். கபீர் இல்லை என்கிறார் தேவி. விடை வந்துவிட்டது.

இந்தக் குறுக்குவழி எல்லாப் புதிருக்கும் பொருந்தாது. "ஒன்று மட்டுமே உண்மை" என்று விதியை மாற்றினால், ஒன்றோடொன்று முரண்படும் பேச்சுகள் இரண்டுமே பொய்யாக இருக்க வாய்ப்புண்டு. 'செல்வி எடுத்தாள்', 'கபீர் எடுத்தான்' என்று இருவர் சொன்னால், எடுத்தது மூன்றாவது ஆளாகவும் இருக்கலாம் அல்லவா? அங்கே வரிசையாகச் சோதிக்கும் முறைதான் கைகொடுக்கும்.

அந்த முறைக்கு இன்னொரு பயனும் உண்டு: பழுதான புதிரை அது காட்டிக்கொடுத்துவிடும். மேலே உள்ள புதிரில் முருகனின் வாக்கியத்தை மட்டும் "நான் எடுக்கவில்லை" என்று மாற்றிப் பாருங்கள். தேவி எடுத்தார் என்று வைத்தால் முன்போலவே ஒரு பொய்தான். ஆனால் இப்போது செல்வி எடுத்தார் என்று வைத்தாலும் ஒரு பொய்தான் வருகிறது, அது அவருடைய சொந்த மறுப்பு. இரண்டு பேரும் பொருந்துவதால் அந்தப் புதிருக்குத் தீர்வே சொல்ல முடியாது. செல்வியின் பெயர் பொருந்தியதும் அத்தோடு நிறுத்தியவருக்கு இது தெரியாமலே போயிருக்கும்.

உண்மையான காவல்நிலைய விசாரணைக்கு இந்த முறை உதவாது. அங்கே எத்தனை பேர் பொய் சொல்கிறார்கள் என்று முன்கூட்டியே யாரும் சொல்லித் தருவதில்லை. ஒருவரே பாதி உண்மையும் பாதிப் பொய்யுமாகவும் பேசுவார். "ஒன்று மட்டுமே பொய்" என்ற அந்த ஒரு வரிதான் புதிரைத் தீர்க்கக்கூடியதாக ஆக்குகிறது.

சிறுவர் இதழுக்கோ வகுப்பறைக்கோ இப்படி ஒரு புதிர் எழுதுகிறவர்கள், விடை கிடைத்த பிறகும் மீதிப் பெயர்கள் எல்லாவற்றையும் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட வேண்டும். ஒரே ஒரு பெயருக்கு மட்டும் பொய்யின் எண்ணிக்கை ஒன்று என்று வந்தால், அதன் பிறகு அச்சுக்குக் கொடுக்கலாம்.