கெப்பாசிட்டரின் முன்னிருப்பு

மின்சுற்றுப் பாடத் தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி இது. கெப்பாசிட்டருக்குள் செல்லும் மின்னோட்டத்தின் வரைபடத்தைக் கொடுத்து, அதன் மின்னழுத்தத்தை வரையச் சொல்வார்கள். மின்னோட்டம் பூஜ்ஜியத்தைத் தொடும் இடத்தில் மின்னழுத்தத்தையும் பூஜ்ஜியத்துக்கு இறக்கிவிடும் மாணவர்கள் பலர். ரெசிஸ்டரோடு பழகிய கை அப்படித்தான் வரையும். ரெசிஸ்டரில் இந்த நொடி எவ்வளவு மின்னோட்டமோ, அதற்கேற்ற மின்னழுத்தம் இந்த நொடியே இருக்கும். கெப்பாசிட்டர் அப்படியல்ல. இதுவரை உள்ளே வந்ததும் வெளியே போனதும் சேர்ந்துதான் அதன் இன்றைய மின்னழுத்தத்தைத் தீர்மானிக்கின்றன.

ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு நொடி ஓடினால் ஒரு கூலும் மின்னூட்டம் சேரும். மின்னோட்டம் மாறாமல் இருந்தால் அதை நேரத்தால் பெருக்கினால் போதும். மாறிக்கொண்டே இருந்தால், மிகச் சிறு நேரத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். தொகையீடு செய்வது அதைத்தான். வரைபடத்தில் அது மின்னோட்டக் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு. சேர்ந்த மின்னூட்டத்தைக் கெப்பாசிட்டரின் மதிப்பால் வகுத்தால் மின்னழுத்தம் எவ்வளவு மாறியது என்பது கிடைக்கும்.

```
v(t) = v(t0) + (1/C) ∫ i(τ) dτ     (t0 முதல் t வரை)
```

இதில் பலர் விட்டுவிடுவது முதல் உறுப்பான v(t0). வங்கிக் கணக்கில் இந்த மாத வரவு செலவை மட்டும் கூட்டினால் கையிருப்பு தெரியாது, முன்னிருப்பும் வேண்டும். v(t0) அந்த முன்னிருப்பு. தொகையீடு சொல்வது மாற்றத்தை மட்டுமே.

ஒரு கணக்கைக் கடைசிவரை போட்டுப் பார்ப்போம். 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், அதில் தொடக்கத்திலேயே 2 வோல்ட் இருக்கிறது. மின்னோட்டம் முதல் 4 மில்லிநொடியில் பூஜ்ஜியத்திலிருந்து நேர்கோடாக 50 மில்லிஆம்பியருக்கு ஏறுகிறது. 10 மில்லிநொடி வரை அங்கேயே நிற்கிறது. பிறகு 15 வரை பூஜ்ஜியம். 15 முதல் 25 வரை 20 மில்லிஆம்பியர் எதிர்த்திசையில், அதாவது கெப்பாசிட்டரிலிருந்து வெளியே, ஓடுகிறது. மில்லிஆம்பியரை மில்லிநொடியால் பெருக்கினால் நேராக மைக்ரோகூலும் வரும். அதை மைக்ரோஃபாரடால் வகுத்தால் வோல்ட். பத்தின் அடுக்குகளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

முதல் பகுதியின் பரப்பு ஒரு முக்கோணம்: 4 பெருக்கல் 50-இல் பாதி, 100 மைக்ரோகூலும். மின்னழுத்தம் 1 வோல்ட் ஏறி 3 ஆகிறது. ஆனால் எப்படி ஏறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பாதி நேரமான 2 மில்லிநொடியில் மின்னோட்டம் 25 மில்லிஆம்பியர், முக்கோணத்தின் பரப்பு 25 மைக்ரோகூலும். அதாவது பாதி நேரம் கடந்தும் ஏற்றத்தில் கால் பங்குதான் முடிந்திருக்கிறது, மின்னழுத்தம் 2.25 வோல்ட். எனவே இங்கே நேர்கோடு வராது. மெதுவாகத் தொடங்கி வேகம் பிடிக்கும் பரவளைவு வரும்.

அடுத்த 6 மில்லிநொடியில் 300 மைக்ரோகூலும் சேர்ந்து 3 வோல்ட் ஏறுகிறது. இப்போது 6 வோல்ட். மின்னோட்டம் மாறாததால் இந்தப் பகுதி நேர்கோடு. பிறகு மின்னோட்டம் நின்றுவிடுகிறது, மின்னழுத்தம் 6 வோல்ட்டிலேயே படுத்துக் கிடக்கிறது. கடைசிப் பகுதியில் 200 மைக்ரோகூலும் வெளியேற, 2 வோல்ட் குறைந்து 4 வோல்ட்டில் முடிகிறது.

இரண்டாம் பகுதிக்குச் சமன்பாடு எழுதும்போதுதான் கணக்கு வழக்கமாகச் சறுக்கும். 100 மைக்ரோஃபாரடில் 50 மில்லிஆம்பியர் ஓடினால் நொடிக்கு 500 வோல்ட் வீதம் ஏறும் என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, 3 + 500t என்று எழுதிவிடுவார்கள். தொகையீட்டின் கீழ் எல்லை 4 மில்லிநொடி என்பது நினைவில் இருக்காது. சரியான வடிவம் இது:

```
v(t) = 3 + 500 (t − 0.004)
```

தவறைக் கண்டுபிடிக்க விடைத்தாள் தேவையில்லை. பகுதிகள் சந்திக்கும் இடத்தில் t-க்கு மதிப்பைப் போட்டுப் பாருங்கள். தவறான சமன்பாடு 4 மில்லிநொடியில் 5 வோல்ட் என்கிறது. முந்தைய பகுதியோ 3 வோல்ட்டில் முடிந்தது. கெப்பாசிட்டரின் மின்னழுத்தம் ஒரே கணத்தில் 2 வோல்ட் தாவ வேண்டுமென்றால் அந்தக் கணத்தில் எல்லையில்லாத மின்னோட்டம் பாய்ந்திருக்க வேண்டும். வரைபடத்தில் அப்படி எதுவும் இல்லை. மின்னோட்டம் தாவலாம், நம் கணக்கிலேயே 10-ஆவது மில்லிநொடியில் அது 50-இலிருந்து பூஜ்ஜியத்துக்குத் தாவுகிறது. மின்னழுத்தத்தில் அந்த இடத்தில் சாய்வுதான் மாறும், கோடு அறுபடாது.

மின்னோட்டம் நின்ற பிறகும் 6 வோல்ட் அப்படியே இருக்கும் என்பதை ஆய்வகத்தில் சோதிக்கப் போனால் ஒன்று நடக்கும். மல்டிமீட்டரை வைத்ததும் அளவு மெல்ல இறங்கத் தொடங்கும். பல டிஜிட்டல் மீட்டர்களின் உள்தடை 10 மெகாஓம். 6 வோல்ட்டில் அது 0.6 மைக்ரோஆம்பியரை இழுக்கிறது. 100 மைக்ரோஃபாரடுக்கு அது பொருட்டே இல்லை. நொடிக்கு 6 மில்லிவோல்ட்தான் குறையும். அதே மீட்டரை 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் வைத்தால் நேர மாறிலி ஒரே நொடி. எண்ணைப் படித்து முடிப்பதற்குள் பெரும்பகுதி வடிந்திருக்கும். கெப்பாசிட்டர் பழுது என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது. மீட்டரின் மின்னோட்டமும் அந்தத் தொகையீட்டுக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான். எலக்ட்ரோலிடிக் வகையில் இதற்கு மேல் உள்கசிவும் உண்டு. அதன் மேல் அச்சிட்ட மதிப்பும் பெரும்பாலும் 20 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம்.

இதே சமன்பாடு ஆம்ப்ளிஃபையரின் உறுமலையும் விளக்குகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நான்கு டயோடு பிரிட்ஜ் வழியாக நேர்த்திசையாக்கினால் 10 மில்லிநொடிக்கு ஒரு உச்சம் வரும். இரண்டு உச்சங்களுக்கு இடையே சுற்றுக்கு மின்சாரம் தருவது ஃபில்டர் கெப்பாசிட்டர். சுற்று அரை ஆம்பியர் இழுத்தால் 10 மில்லிநொடியில் வெளியேறுவது 5000 மைக்ரோகூலும். கெப்பாசிட்டர் 2200 மைக்ரோஃபாரட் என்றால் மின்னழுத்தம் சுமார் 2.3 வோல்ட் இறங்கி மறுபடி ஏறும். டயோடு உச்சத்துக்குச் சற்று முன்பே கடத்தத் தொடங்குவதால் உண்மை அளவு இதைவிடக் கொஞ்சம் குறைவு. பல ஆண்டு வெப்பத்தில் உள்ளே இருக்கும் திரவம் காய்ந்து அது 470 மைக்ரோஃபாரடாகச் சுருங்கிவிட்டால் கணக்கு 10 வோல்ட்டைத் தாண்டிவிடும். அந்த ஏற்ற இறக்கம்தான் ஸ்பீக்கரில் உறுமலாகக் கேட்கிறது.

ஆனால் உறுமல் கேட்டதும் கெப்பாசிட்டரை மாற்றிவிடுவதற்கு முன் ஆஸிலோஸ்கோப்பில் உச்சங்களின் இடைவெளியைப் பார்ப்பது நல்லது. பிரிட்ஜில் ஒரு டயோடு கடத்தாமல் போனாலும் உறுமல் வரும். அப்போது C மாறியிருக்காது. ஒன்றுவிட்டு ஒரு உச்சம் காணாமல் போய், தொகையீட்டின் நேர எல்லை 10-இலிருந்து 20 மில்லிநொடியாக இரட்டித்திருக்கும். இடைவெளி 10 மில்லிநொடியாகவே இருந்து இறக்கம் மட்டும் ஆழமாக இருந்தால், சுற்று இழுக்கும் மின்னோட்டம் கூடியிருக்கிறதா என்று அளந்து பாருங்கள். அது கூடவில்லை என்றால் கெப்பாசிட்டரை மாற்றலாம். இடைவெளி 20 மில்லிநொடி என்றால் டயோடுகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.