ரிட்டர்ன் உண்டா? முதலிலேயே எழுதிவிடுங்கள்

சேலை விற்கும் சிறிய இணையக் கடைகள் பலவற்றில் படத்துக்குக் கீழே ‘ரிட்டர்ன், எக்ஸ்சேஞ்ச் கிடையாது’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரி கடைக்காரரைக் காப்பாற்றாது. பொருள் பழுதாகவோ போலியாகவோ இருந்தாலும், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலும், அதைத் திருப்பி எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது என்று 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் சொல்கின்றன. சேலை நன்றாகத்தான் இருக்கிறது, வாங்கியவருக்குப் பிடிக்கவில்லை என்றால் மட்டுமே அது கடையின் விருப்பம்.

இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதுவதால்தான் சண்டை வருகிறது. பிரித்து எழுதினால் இப்படி இருக்கும்:

“சேலையில் கிழிசல், கறை, நூல் இழுப்பு இருந்தாலோ, நீங்கள் கேட்காத சேலை வந்தாலோ, கைக்கு வந்த 7 நாளுக்குள் போட்டோ அனுப்புங்கள். திருப்பி அனுப்பும் செலவு எங்களுடையது. நீங்கள் கட்டிய கூரியர் கட்டணத்தையும் சேர்த்து முழுப் பணம் தருவோம்.

பிடிக்கவில்லை என்றாலும் அதே 7 நாளுக்குள் சொல்லுங்கள், எடுத்துக்கொள்வோம். ஆனால் சேலையை உடுத்தியிருக்கக் கூடாது, துவைத்திருக்கக் கூடாது, ஃபால்ஸ் தைத்திருக்கக் கூடாது, பிளவுஸ் துணியை வெட்டியிருக்கக் கூடாது. போகவர கூரியர் செலவு உங்களுடையது.

சேலை எங்களிடம் வந்து சேர்ந்த 5 நாளுக்குள், நீங்கள் பணம் கட்டிய வழியிலேயே திரும்ப வரும். டெலிவரியின்போது ரொக்கம் கொடுத்தவர்களுக்கு யூபிஐயில் அனுப்புவோம். அதற்காக பின் நம்பரோ ஓடிபியோ கேட்க மாட்டோம்.”

சேலை 1,450 ரூபாய், கூரியர் 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முந்தானையில் கிழிசல் என்றால் வாங்கியவருக்கு 1,530 ரூபாய் வரும். திருப்பி அனுப்பும் செலவையும் கடையே ஏற்கும். நிறம் மனதுக்கு ஒட்டவில்லை என்றால் 1,450 மட்டும் வரும்; திருப்பி அனுப்பும் காசும் அவர் கையிலிருந்து போகும். வாங்கும் முன்பே இந்தக் கணக்கு தெரிந்துவிட்டால் பிறகு யாரும் கோபப்பட மாட்டார்கள்.

7 நாள், 5 நாள் என்று எழுதும்போது எந்த நாளிலிருந்து என்பதையும் எழுத வேண்டும். ‘விரைவில் பணம் தரப்படும்’ என்பதை நம்பி யாரும் காத்திருக்க முடியாது. பில்லில் காலம் குறிக்காவிட்டால், பழுதான பொருளை எடுத்துக்கொண்டு 30 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்.

‘பார்சல் பிரிக்கும் வீடியோ இல்லாவிட்டால் ரிட்டர்ன் இல்லை’ என்ற நிபந்தனையை நான் சேர்க்க மாட்டேன். சட்டம் அப்படிக் கேட்கவில்லை. தனியாக இருக்கும் வயதானவரால் அதை எடுக்கவும் முடியாது. வீடியோ இருந்தால் அனுப்புங்கள் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சாயம் போவது மட்டும் தனிக் கதை. முதல் முறை நனைத்த பிறகுதான் அது தெரியும். ‘துவைத்த சேலையை எடுக்க மாட்டோம்’ என்ற நிபந்தனையை அங்கேயும் நீட்டினால், பழுதைக் கண்டுபிடிக்கும் ஒரே வழியை அடைத்ததாகிவிடும். ஆகவே பழுதுக்கான பத்தியில் இன்னொரு வரி தேவை: “நாங்கள் சொன்ன முறையில் நனைத்தும் சாயம் போனால், துவைத்த சேலையாக இருந்தாலும் எடுத்துக்கொள்வோம்.”