எட்டுத் துண்டுகளைப் பார்த்து முழுத் தரவையும் நம்புவது

2017 டிசம்பரில் கிரிப்டோகிட்டீஸ் என்ற பூனைப் பட விளையாட்டு ஒன்று எத்தேரியம் பிளாக்செயினையே திணறடித்தது. பணம் அனுப்பியவர்கள் காத்துக் கிடந்தார்கள், கட்டணம் ஏறியது. அந்த வலையில் உள்ள ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு பரிவர்த்தனையையும் தானே இறக்கி, தானே சரிபார்க்கிறது. ஆயிரக்கணக்கான கணினிகள் சேர்ந்தாலும் வேகம் என்னவோ ஒரே கணினியின் வேகம்தான். அப்போது அது விநாடிக்குச் சுமார் 15 பரிவர்த்தனைகளாக இருந்தது. பெரிய கணினிகளாக வைத்தால் வேகம் கூடும். ஆனால் வீட்டுக் கணினியில் சரிபார்ப்பவர்கள் விலகிப்போவார்கள், கடைசியில் சில நிறுவனங்களை நம்பவேண்டிய நிலை வரும்.

சங்கிலியை 64 கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் குலுக்கலில் தேர்ந்த ஒரு குழுவிடம் ஒப்படைக்கலாம் என்பது தொடக்கத் திட்டம். இதுதான் ஷார்டிங். ஒரு குழு கெட்டுப்போனால் மற்றவர்களுக்கு அதை அறிய வழியில்லை என்பது அதன் பலவீனம். 2020 அக்டோபரில் எத்தேரியத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டெரின் வேறு பாதையை முன்வைத்தார். கணக்குப் போடும் வேலை வெளியே போகட்டும், முதன்மைச் சங்கிலி அந்தக் கணக்குகளின் தரவை எல்லோர் பார்வைக்கும் வைத்தால் போதும் என்றார். வெளியே கணக்குப் போடும் அமைப்புகளுக்கு ரோல்அப் என்று பெயர். அவை ஆயிரக்கணக்கான பரிவர்த்தனைகளை முடித்து, தரவைச் சுருக்கி முதன்மைச் சங்கிலியில் பதிகின்றன.

தரவு ஏன் அவ்வளவு முக்கியம்? ரோல்அப் நடத்துபவர் முடிவை மட்டும் அறிவித்துவிட்டுத் தரவை ஒளித்தால், அது பொய்யென்று நிரூபிக்க யாரிடமும் ஆதாரம் இருக்காது. கணிதச் சான்றோடு முடிவு சரியாகவே வந்தாலும், தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பயனரால் காட்ட முடியாது. பணம் உள்ளேயே சிக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருவர் ‘தரவு வரவில்லை’ என்று எச்சரித்தவுடன் மறைத்தவர் அதை வெளியிட்டுவிட்டால், பிறகு பார்ப்பவருக்கு யார் பொய் சொன்னார் என்றே தெரியாது. ஆகவே தரவு இருக்கிறதா என்பதை ஒவ்வொருவரும் தானே சோதிக்கவேண்டும், அதே நேரம் முழுவதையும் இறக்கவும் கூடாது.

இதற்கான வழியை முஸ்தஃபா அல்-பஸ்ஸாம், ஆல்பெர்ட்டோ சொன்னினோ, புட்டெரின் மூவரும் 2018-இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். அதன் அடிப்படை பள்ளிக் கணக்குதான். 3, 5 என்ற இரு எண்களை ஒரு நேர்கோட்டின் முதல் இரு புள்ளிகளாக வையுங்கள். கோட்டை நீட்டினால் அடுத்தவை 7, 9. இந்த நான்கில் எந்த இரண்டு கிடைத்தாலும் மற்ற இரண்டையும் மீட்டுவிடலாம். இப்படித் தரவை இரட்டிப்பாக்கிவிட்டால், ஒரு சிறு பகுதியை மறைப்பதால் பயனில்லை. மறைக்க நினைப்பவர் பாதிக்கு மேல் மறைத்தாகவேண்டும். அவ்வளவு பெரிய ஓட்டை சில துண்டுகளைச் சோதித்தாலே அகப்பட்டுவிடும்.

எத்தேரியத்தில் இது 2025 டிசம்பரில் பீர்டாஸ் என்ற பெயரில் நடைமுறைக்கு வந்தது. ரோல்அப் பதியும் தரவுப் பொதிக்கு பிளாப் என்று பெயர். ஒரு பிளாப் 128 கிலோபைட். அதை 256 கிலோபைட்டாக நீட்டி, 128 துண்டுகளாக்குகிறார்கள். சாதாரணக் கணினி ஒன்று ஒவ்வொரு பிளாபிலிருந்தும் எட்டுத் துண்டுகளை மட்டும் இறக்குகிறது. அதாவது மூலத் தரவில் எட்டில் ஒரு பங்கு அளவு. ஒவ்வொரு துண்டோடும் வரும் சிறு கணிதச் சான்று, அது அந்தப் பிளாபுக்கே உரியது என்பதையும் நீட்டிப்பு சரியாக நடந்தது என்பதையும் உறுதிசெய்கிறது.

ஒரு மோசடியாளர் 63 துண்டுகளை வெளியிட்டு 65-ஐ மறைத்தார் என்று வையுங்கள். மீட்க 64 வேண்டும், ஒன்று குறைகிறது. ஒரு கணினி கேட்கும் எட்டும் அந்த 63-க்குள்ளேயே விழ வாய்ப்பு ஏறக்குறைய 370-இல் ஒன்று. எனவே சில கணினிகள் ஏமாறலாம், ஆனால் மிகப் பெரும்பாலானவை அந்தத் தொகுதியை ஏற்க மறுக்கும்.

எந்த எட்டு என்பதைக் கணினியின் அடையாள எண்ணே தீர்மானிக்கிறது. அதனால் ஒரு தனிக் கணினியைக் குறிவைத்து, அதற்கு வேண்டிய எட்டை மட்டும் கொடுத்து ஏமாற்ற முடியும். இங்கே பாதுகாப்பு கூட்டத்தில் இருக்கிறது. பங்கேற்கும் கணினிகள் குறைந்தால் அதுவும் குறையும். அதனால்தான், பிளாப்களின் எண்ணிக்கையை ஒரேயடியாக உயர்த்தாமல் படிப்படியாக உயர்த்துவதைச் சரியான நிதானம் என்று கருதுகிறேன்.

ரோல்அப் ஒன்றில் பணம் வைத்திருப்பவர்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அதன் தரவு எங்கே பதியப்படுகிறது? கட்டணத்தைக் குறைக்கச் சில அமைப்புகள் தரவை ஒரு சிறு குழுவின் கையில் விட்டுவிடுகின்றன. அந்தக் குழு மௌனமானால், மேலே சொன்ன எந்தச் சோதனையும் உங்கள் பணத்தை மீட்டுத் தராது. முதன்மைச் சங்கிலியிலும் பிளாப்கள் சுமார் 18 நாட்களே கட்டாயமாக வைத்திருக்கப்படுகின்றன. அதற்குப் பிந்தைய பதிவுகளை யார் காக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.