பஸ் ஓடாத நாளில் ஒரு ஷிப்ட்

2018 ஜனவரியில் அரசு பஸ்கள் ஒரு வாரம் முடங்கியபோது நடந்ததை எண்ணிப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு வார்டுக்கு வந்த நர்ஸிடம், மதிய ஷிப்ட் தோழி போனில் கெஞ்சுகிறார்: "அக்கா, பஸ்ஸே இல்லை, எட்டு மணி வரை பாத்துக்கிறீங்களா?"

முழுதாக ஒப்புக்கொண்டால் பதின்மூன்று மணி நேரம். களைப்பில் மருந்தின் அளவு தவறும். "அஞ்சு வரைக்கும் இருக்கேன், பக்கத்துல குடியிருக்கிற நைட் சிஸ்டரை மூணு மணி நேரம் முன்னாடியே வரச் சொல்லு" என்பதே நல்ல பதில். உடனே கண்காணிப்பாளரிடம் சொல்லி டியூட்டி பட்டியலில் மாற்றி எழுத வேண்டும். வாய்ப்பேச்சோடு விட்டால் தோழிக்கு ஆப்சென்ட் விழும். இவருடைய கூடுதல் நேரமும் கணக்கில் வராது. ஈடாக எந்த நாள் என்பதையும் அப்போதே பேசிக்கொள்வது நல்லது.