கல்லடியில் ஏழரை மணி

ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழரை மணிக்கு ஒரு சைவ ஓட்டலின் தோசைக்கல் பக்கம் நின்று பாருங்கள். "ரெண்டு ஆனியன், ஒரு நெய் ரோஸ்ட்!" "மாஸ்டர், அஞ்சாம் டேபிள் மசால் என்னாச்சு?" "அண்ணே, பார்சல் ஆள் நிக்கிறான்!" ஒரே சமயத்தில் நாலு குரல்கள். எக்ஸாஸ்ட் விசிறியின் இரைச்சலை மீற வேண்டுமே என்று ஒவ்வொருவரும் இன்னும் உரக்கக் கத்துகிறார்கள். மாஸ்டர் நிமிர்ந்தே பார்ப்பதில்லை.

அவர் வேகம் போதவில்லை என்றுதான் சாப்பிட உட்கார்ந்திருப்பவருக்குத் தோன்றும். உண்மையில் வேகத்தைத் தீர்மானிப்பது கல். நடுத்தர ஓட்டல் கல்லில் ஒரு தடவைக்கு 8 தோசை ஊற்றலாம் என்று வைத்துக்கொள்வோம். துடைத்து, தண்ணீர் தெளித்து, ஊற்றி, எண்ணெய் விட்டு, சிவந்ததும் சுருட்டி எடுக்க 4 நிமிடம் ஆகிறது. அப்படியானால் பத்து நிமிடத்துக்கு 20 தோசைதான். ஏழரையிலிருந்து ஏழே முக்கால் நெருங்கும் வரை அந்தப் பத்து நிமிடத்தில் 32 கேட்டால், 12 பாக்கி. அடுத்த பத்து நிமிடமும் அப்படியே போனால் பாக்கி 24. அப்போது கடைசியாகச் சொன்னவருக்குத் தோசை வர இன்னும் 12 நிமிடமாகும். எவ்வளவு கத்தினாலும் அதில் ஒரு நிமிடம்கூடக் குறையாது.

கூடத்தான் செய்யும். கத்தலுக்குப் பயந்து மாஸ்டர் தீயை ஏற்றினால் கல் அளவுக்கு மீறிக் காய்ந்துவிடும். மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வரும். சூட்டை இறக்கத் தண்ணீரைக் கொஞ்சம் அதிகமாக அடித்துவிட்டால் அடுத்த வரிசை வெளுத்து ஒட்டிக்கொள்ளும். சுரண்டி எறிந்து, எண்ணெய் தேய்த்துக் கல்லைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதற்குள் இரண்டு வரிசைக்கான நேரம் போயிருக்கும்.

இத்தனையும் அனலில் நின்றபடி. கல்லடியில் மின்விசிறி ஏன் இல்லை என்று பலர் கேட்பதுண்டு. காற்று பட்டால் கேஸ் தீ அலையும், கல்லும் ஒரு பக்கம் ஆறிவிடும். மாஸ்டரே வைக்க விடமாட்டார். வியர்வை தோலில் உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். பக்கத்தில் இட்லிக் கொப்பரை ஆவி விட்டுக்கொண்டிருக்க, கல்லில் தெளித்த தண்ணீரும் ஆவியாகிக்கொண்டிருக்கும் இடத்தில் வியர்வை உலராது, சொட்டும். சொட்டிய வியர்வையால் உடம்புக்குப் பயனில்லை, நீரும் உப்பும் இழந்ததுதான் மிச்சம்.

எக்ஸாஸ்ட் இருக்கிறதே என்று முதலாளி சொல்லலாம். வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழியில்லாவிட்டால் அது வெறுமனே இரையும். சோதிப்பது எளிது. எக்ஸாஸ்ட் ஓடும்போது சமையலறைக் கதவைத் திறக்கச் சிரமமாக இருந்தாலோ, தாளித்த புகை கூண்டுக்குள் ஏறாமல் முகத்துக்கு வந்தாலோ, காற்று வரும் வழி அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அனலில் வேலை செய்பவர் தாகம் எடுக்கும்வரை காத்திராமல், இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். பலர் குடிப்பதில்லை. குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். அந்த நேரம் கல்லைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. புதிதாகச் சேர்ந்த பையனுக்கு ஆபத்து இன்னும் அதிகம். சூட்டுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரமாகும், முதல் சில நாட்கள்தான் மோசம். அவனை முதல் நாளே முழு நேரம் கல்லடியில் நிறுத்துவது தவறு. தலைசுற்றல், குமட்டல் வந்தால் உடனே வெளியே அழைத்துப்போய்க் குளிர்விக்க வேண்டும். பேச்சு குழறி, சொன்னது புரியாமல் தடுமாறினால் அது வெப்பவாதம். உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அந்தத் தடுமாற்றத்தைத்தான் சமையலறை "என்னடா தூங்கறியா?" என்று அதட்டுகிறது.

கத்தலைக் குறைக்க வழி புதிதல்ல. பிரெஞ்சு சமையலறைகளில் ஆர்டரை உரக்கச் சொல்பவருக்குக் 'குரைப்பவர்' என்றே பெயர். லண்டன் சவாய் ஓட்டலில் 1890 முதல் சமையலறையை நடத்திய எஸ்கோஃபியே கூச்சலை விரும்பாதவர். அனலில் நிற்கும் ஆட்கள் சாராயத்தை நாடாதிருக்க, அவர்களுக்குப் பார்லித் தண்ணீர் கொடுத்தார். நம் ஊரில் உப்புப் போட்ட மோர் போதும்.

கல்லடியில் ஒரே குரல் இருக்கட்டும். சப்ளையர்கள் சீட்டைக் கம்பியில் செருகிவிட்டு விலக, சூப்பர்வைசர் ஒருவர் மட்டும் "அடுத்த வரிசை அஞ்சு ரோஸ்ட், மூணு ஆனியன்" என்று ஒரே வகையைச் சேர்த்துச் சொன்னால் கல்லில் இடம் வீணாகாது. பாக்கி 20-ஐத் தாண்டியதும் டேபிளில் "பத்து நிமிஷம் ஆகும் சார், இட்லி உடனே தரலாம்" என்று சொல்லிவிட வேண்டும்.

நீங்கள் அந்த டேபிளில் இருந்தால் ஒன்று செய்யுங்கள். தோசை எப்போது வரும் என்று ஒரு தடவை கேளுங்கள். இரண்டாம் தடவை கேட்டால் சப்ளையர் கல்லடிக்குத்தான் போவார்.