8.8.8.8 எந்த ஊரில் இருக்கிறது?

சென்னையில் ஒரு கணினியிலிருந்து 8.8.8.8 என்ற முகவரிக்கு 'பிங்' அனுப்புகிறோம், பத்து மில்லி விநாடிக்குள் பதில் வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த முகவரி கூகுளின் பொது டிஎன்எஸ் சேவையுடையது. கூகுளின் தலைமையகம் கலிபோர்னியாவில். இழைக்கம்பியில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். பத்து மில்லி விநாடியில் அது கடக்கக்கூடியது 2,000 கிலோமீட்டர். போய்த் திரும்ப வேண்டுமே, ஆக ஒரு வழிக்கு 1,000 கிலோமீட்டர்தான். கலிபோர்னியா ஏறத்தாழ பதினாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். அங்கே போய்த் திரும்ப ஒளிக்கே சுமார் 140 மில்லி விநாடி ஆகும். ஆகவே பதில் சொன்ன கணினி அமெரிக்காவில் இல்லை. சென்னையிலோ, ஆயிரம் கிலோமீட்டருக்குள் வேறெங்கோதான் இருக்கிறது.

அதே நொடியில் லண்டனில் ஒருவர் அதே 8.8.8.8-ஐக் கேட்டால் அவருக்கும் அவர் பக்கத்திலிருந்தே பதில் வரும். தெருவுக்குத் தெரு கோயில் இருந்தாலும் பிள்ளையார் ஒருவர்தான் என்பதுபோல, முகவரி ஒன்று, கணினிகள் பல. இந்த ஏற்பாட்டுக்கு எனிகாஸ்ட் என்று பெயர்.

இதற்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை என்பதுதான் வேடிக்கை. இணையம் என்பது ஆயிரக்கணக்கான தனித்தனி வலையமைப்புகளின் கூட்டு. "இந்த முகவரிக்கு என் வழியாகப் போகலாம்" என்று ஒவ்வொன்றும் அண்டை வலையமைப்புகளுக்கு அறிவித்துக்கொண்டே இருக்கும். அந்த அறிவிப்பு முறைதான் பிஜிபி. சாதாரணமாக ஒரு முகவரியை ஓரிடத்திலிருந்து அறிவிப்பார்கள். எனிகாஸ்டில் அதே முகவரியை மும்பையிலிருந்தும் டோக்கியோவிலிருந்தும் பிராங்பர்ட்டிலிருந்தும் அறிவிக்கிறார்கள். நடுவிலுள்ள ரவுட்டருக்கு இவை வெவ்வேறு கணினிகள் என்று தெரியாது. ஒரே ஊருக்குப் பல பாதைகள் இருப்பதாக நினைத்து, தனக்குச் சிறந்ததாகத் தோன்றும் ஒன்றைத் தேர்ந்துகொள்கிறது. ஓரிடத்தில் கணினி பழுதானால் அங்கே அறிவிப்பை நிறுத்தினால் போதும். போக்குவரத்து அடுத்த இடத்துக்குத் தானே திரும்பிவிடும்.

டிஎன்எஸ்ஸுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒரு தளத்தின் பெயரைச் சொல்லி அதன் எண் முகவரியைக் கேட்பது பெரும்பாலும் ஒரு சிறு கேள்வி, ஒரு சிறு பதில், அத்தோடு முடிந்தது. அடுத்த கேள்வி வேறு ஊர்க் கணினிக்குப் போனாலும் நஷ்டமில்லை. பெரிய கோப்பு ஒன்றை இறக்கிக்கொண்டிருக்கையில் பாதை மாறினால் கதை வேறு. புதிதாக அகப்பட்ட கணினிக்கு நம்மைத் தெரியாது, தொடர்பு அறுந்துவிடும்.

ரூட் சர்வர்களுக்கு இந்த முறை வந்ததன் பின்னால் ஒரு நெருக்கடி இருக்கிறது. .com எங்கே, .in எங்கே என்று வழிகாட்டும் உச்சிப் படி அது. ஏ முதல் எம் வரை பதின்மூன்று பெயர்கள். பழைய விதிப்படி ஒரு டிஎன்எஸ் பதில் 512 பைட்டுக்குள் அடங்கியாக வேண்டும். சர்வர்களின் பட்டியல் அதற்குள் நிற்பதற்காகவே பதின்மூன்றோடு நிறுத்தினார்கள். 2002 அக்டோபர் 21 அன்று பதின்மூன்றின் மீதும் குப்பைப் போக்குவரத்தைக் கொட்டி ஒரு தாக்குதல் நடந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீடித்த அதில், பல சர்வர்களைப் பல இடங்களிலிருந்து எட்ட முடியவில்லை. எண்ணிக்கையைக் கூட்டவும் முடியாது, அடியையும் தாங்க வேண்டும். ஆகவே ஒரே எழுத்து, ஒரே முகவரி, பல ஊர்களில் கணினிகள் என்ற வழிக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். 2007 பிப்ரவரியில் மறுபடி தாக்குதல் வந்தபோது பலத்த அடி வாங்கியவை ஜி, எல் என்ற இரண்டு. இரண்டுமே அதுவரை எனிகாஸ்டுக்கு மாறாதவை. மாறியவற்றில் தாக்குதல் பல ஊர்களுக்குச் சிதறிப் போனது. இன்று பதின்மூன்று பெயர்களுக்குப் பின்னால் உலகெங்கும் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள் இயங்குகின்றன.

ஆனால் 'அருகில்' என்ற சொல்லை அப்படியே நம்பிவிடக் கூடாது. பிஜிபிக்கு வரைபடம் தெரியாது, கிலோமீட்டரும் தெரியாது. எத்தனை வலையமைப்புகளைத் தாண்ட வேண்டும், எந்த வலையமைப்போடு நமக்கு வணிக ஒப்பந்தம் என்பதையெல்லாம் வைத்துத்தான் பாதை முடிவாகிறது. பக்கத்துக் கட்டடத்திலேயே ஒரு நிலையம் இருந்தாலும், உங்கள் இணைய நிறுவனம் அதனோடு உள்ளூரில் இணையவில்லை என்றால் கேள்வி சிங்கப்பூர் வரை போய்த் திரும்பலாம்.

இதன் உச்சக் காட்சி 2010 மார்ச்சில் அரங்கேறியது. ஐ-ரூட்டை நடத்துவது ஸ்வீடனின் நெட்நோட் நிறுவனம். அதன் நிலையங்களில் ஒன்று பெய்ஜிங்கில் இருந்தது. சிலி நாட்டுப் பொறியாளர் ஒருவர் ஐ-ரூட்டிடம் ஃபேஸ்புக்கின் பெயரைக் கேட்டுப் பார்த்தார். ரூட் சர்வர் அதற்கு நேரடியாக முகவரி தரவே கூடாது, ".com சர்வர்களைப் போய்க் கேள்" என்று கைகாட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. அவருக்கோ நேராக ஒரு முகவரியே வந்தது, அதுவும் பொய்யான முகவரி. கேள்வி பசிபிக்கைத் தாண்டிப் பெய்ஜிங் நிலையத்துக்குப் போயிருக்கிறது. அங்கே போகும் வழியில் சீனத் தணிக்கை அமைப்பு இடைமறித்துப் போலிப் பதிலைச் செருகிவிட்டது. தன் கணினி சரியான தரவையே தந்தது என்றது நெட்நோட். பெய்ஜிங்கிலிருந்து வந்த அறிவிப்பையும் நிறுத்திவைத்தது. சீனாவுக்குள் மட்டும் புழங்கவேண்டிய தணிக்கை, ஒரு பாதைத் தேர்வின் வழியே தென் அமெரிக்கா வரை எட்டிவிட்டது.

உங்கள் கேள்வி எங்கே போகிறது என்று பார்க்க வேண்டுமா? டிக் என்ற கருவி கணினியில் இருந்தால் இந்த இரண்டு வரிகள் போதும்:

```
dig @1.1.1.1 id.server CH TXT +short
dig @k.root-servers.net hostname.bind CH TXT +short
```

முதலாவது கிளவுட்ஃபிளேரின் பொது ரிசால்வரைக் கேட்கிறது; விமான நிலையக் குறியீடாகப் பதில் வரும். `MAA` என்றால் சென்னை, `SIN` என்றால் சிங்கப்பூர். இரண்டாவது, கே-ரூட்டின் எந்த நிலையம் பேசுகிறது என்று அதன் பெயரையே சொல்லிவிடும். வீட்டு இணைப்பில் ஒருமுறை, செல்போன் இணைப்பில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். ஒரே அறையில் உட்கார்ந்திருந்தாலும் இரண்டு ஊர்கள் வரக்கூடும்.

தாக்குதலைச் சிதறடிக்கும் இதே முறை, ஒரு தவறான கட்டளையையும் எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். 2025 ஜூலை 14 அன்று கிளவுட்ஃபிளேர் செய்த ஓர் அமைப்பு மாற்றம், ஒரு மாதத்துக்கு முன்பே ஒளிந்திருந்த பிழை ஒன்றைக் கிளப்பிவிட்டது. 1.1.1.1-க்கான அறிவிப்பை உலகெங்குமுள்ள அதன் நிலையங்கள் எல்லாம் விலக்கிக்கொண்டன. கணினிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவற்றுக்குப் போகும் பாதைதான் இல்லை. 62 நிமிடம் இப்படி. துணை முகவரியான 1.0.0.1-ஐ நம்பியவர்களுக்கும் அதே கதிதான், அதுவும் சேர்ந்தே மறைந்தது. அதே நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸை எண்ணால் அல்லாமல் `cloudflare-dns.com` என்ற பெயரால், மறையாக்கப்பட்ட இணைப்பில் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். அந்தப் பெயர் வேறு முகவரிகளுக்குப் போகிறது. வீட்டு ரவுட்டரில் இரண்டு டிஎன்எஸ் முகவரி போட இடமிருந்தால், இரண்டாவதை வேறொரு நிறுவனத்துடையதாகப் போடுங்கள்.