‘இனி ஒழுங்காக வருவான்’ என்று எழுதினால் போதாது

செப்டம்பர் கடைசியில் பல சி.பி.எஸ்.இ. பள்ளிகளிலிருந்து பெற்றோருக்கு ஒரு கடிதம் வரும். ‘தங்கள் பிள்ளையின் வருகை 75 சதவீதத்துக்குக் கீழே உள்ளது. உரிய விளக்கம் தரவும்.’ பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. பொதுத்தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும் என்பது வாரிய விதி. ஜனவரி 1 வரையிலான வருகையைத்தான் அதற்குக் கணக்கில் எடுப்பார்கள்.

பெரும்பாலான பெற்றோர் ‘உடம்பு சரியில்லை, இனி ஒழுங்காக வருவான்’ என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அது கோப்பில் போய்ச் சேரும், அவ்வளவுதான். உருப்படியாகப் பதில் எழுத வேண்டுமானால், முதலில் வகுப்பாசிரியரிடம் நாள்வாரியான வருகைப் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். பள்ளி சார்பில் போட்டிக்குப் போன நாளும், தாமதமாக வந்த நாளும் சில சமயம் ஆப்சென்ட் ஆகியிருக்கும். அதைச் சரிசெய்ய இதுதான் நேரம்.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன். இதுவரை பள்ளி நடந்தது 100 நாள், அவன் வந்தது 64 நாள். விடுபட்ட 36 நாளில் டைபாய்டு காய்ச்சலுக்கு 14, தாத்தா இறந்தபோது ஊருக்குப் போனதில் 6. மீதி 16 நாள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போனவை. பட்டியலைக் காலண்டரோடு ஒப்பிட்டால் அந்தப் பதினாறில் பத்து திங்கட்கிழமைகள். திங்கட்கிழமை என்றால் கணக்குத் தேர்வு.

டைபாய்டு காய்ச்சலுக்குச் சான்றிதழ் இருக்கிறது. ஆனால் சான்றிதழ் கொடுத்தாலும் அந்த 14 நாள் ‘வந்த நாள்’ ஆகிவிடாது. கடைசியில் வருகை குறைந்தால், கடும் நோய், பெற்றோர் மறைவு போன்ற காரணங்களுக்கு வாரியத்திடம் சலுகை கேட்கலாம். அதற்கு ஆதாரமாகத்தான் அது உதவும். திங்கட்கிழமைகளுக்கு அப்படி ஆதாரம் எதுவும் கிடையாது. முன்தேதியிட்டுச் சான்றிதழ் வாங்கினால் வம்புதான். ‘படுக்கையில் இருந்தான்’ என்று எழுதிய நாளில் அவன் வகுப்புத் தேர்வு எழுதியிருந்தால் உண்மையான சான்றிதழும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

இனி வரும் நாட்கள். ஜனவரி 1க்குள் இன்னும் 60 பள்ளி நாள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 160, அதில் முக்கால் பங்கு 120. அவன் இன்னும் 56 நாள் வந்தாக வேண்டும். நான்கு நாளுக்கு மேல் விடுப்பு எடுக்க வழியில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எழுதும் கடிதம் இப்படி இருக்கும்:

*மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வணக்கம்.*

*என் மகனின் வருகை 64 சதவீதமாக இருப்பது குறித்துத் தாங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. அவன் வராத 36 நாளில் 14 நாள் டைபாய்டு காய்ச்சலால் வரவில்லை. மருத்துவச் சான்றிதழும் ரத்தப் பரிசோதனை முடிவும் இணைத்துள்ளேன். 6 நாள் என் தந்தையார் மறைவை ஒட்டி எடுத்த விடுப்பு.*

*மீதி 16 நாளுக்குத் தகுந்த காரணம் இல்லை. அவற்றில் பத்து, கணக்குத் தேர்வு நடக்கும் திங்கட்கிழமைகள். காய்ச்சலில் விட்டுப்போன பாடம் புரியாமல் தேர்வுக்குப் பயந்து தலைவலி என்று சொல்லியிருக்கிறான். நானும் என் மனைவியும் காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவதால் கவனிக்கத் தவறினோம்.*

*இனி திங்கட்கிழமைகளில் நானே அவனைப் பள்ளியில் கொண்டுவந்து விடுகிறேன். விடுபட்ட பாடங்களுக்குக் கணக்கு ஆசிரியரைச் சந்திக்க நேரம் ஒதுக்கித் தர வேண்டுகிறேன். வர முடியாத நாளில் அன்று காலையே தகவல் தருவேன். மாதம் ஒரு நாளுக்கு மேல் விடுப்பு எடுக்காமல் பார்த்துக்கொள்கிறோம். அப்படி வந்தால் அக்டோபர் முடிவில் 69, நவம்பர் முடிவில் 73, டிசம்பரில் 75 சதவீதத்தை அவன் எட்டுவான். மாதந்தோறும் தங்களைச் சந்தித்து வருகையைச் சரிபார்த்துக்கொள்கிறேன்.*

*இப்படிக்கு, உண்மையுள்ள...*

இந்தக் கடிதம் ‘நூறு சதவீதம் வருவான்’ என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அடுத்த சளிக்காய்ச்சலிலேயே வாக்கு பொய்த்துப்போகும். மாதம் ஒரு நாள் என்றால் மூன்று மாதத்தில் மூன்று நாள். கையிருப்பில் ஒரு நாள் மிஞ்சுகிறது. அக்டோபர் முடிவில் 69க்குப் பதில் 66 என்று இருந்தால் திட்டம் தடம் மாறியது அப்போதே தெரிந்துவிடும். நேரில் போய்ப் பேச இன்னும் இரண்டு மாதம் கையில் இருக்கும்.

கடிதத்தை அலுவலகத்தில் கொடுக்கும்போது, நகலில் தேதியோடு கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஜனவரியில் சலுகை கேட்க நேர்ந்தால், காரணத்தைச் செப்டம்பரிலேயே எழுத்தில் தெரிவித்ததற்கு அதுதான் அத்தாட்சி.